ஒரே படம், மூன்று அளவு: வேர்டில் பாஸ்போர்ட் படம் பெருத்த கதை

முன்னாள் மாணவர் கையேடு ஒன்றை வடிவமைத்துத் தரும் வேலை போன ஆண்டு என்னிடம் வந்தது. ஏ4 தாள், நான்கு பக்கமும் 2.54 செ.மீ. ஓரம். ஒவ்வொருவருக்கும் இடப்பக்கம் ஒரு பாஸ்போர்ட் அளவுப் படம், வலப்பக்கம் பெயர், படித்த ஆண்டு, இப்போதைய வேலை, முகவரி. வேர்டில் தட்டச்சு செய்ய ஒரு தங்கை உதவிக்கு வந்தாள். விரல் வேகம் அதிகம், பிழையும் குறைவு. இரண்டாம் நாள் மாலை தொலைபேசியில் அழைத்தாள். குரலில் அழுகை தெரிந்தது.

"அண்ணே, ஸ்டூடியோக்காரர் ரெண்டு சைஸ்ல படம் குடுத்திருக்காரு. பாதிப் பேருக்குச் சரியா உட்காருது. மீதிப் பேருக்கு அரைப்பக்கம் வருது. இழுத்து இழுத்துச் சின்னதாக்கியே கை வலிக்குது."

நேரில் போய்ப் பார்த்தேன். அவள் சொன்னதை விடவும் நிலைமை மோசமாக இருந்தது. சில பதிவுகளில் படம் அளவாக உட்கார்ந்து, எழுத்து அதன் பக்கத்தில் ஒழுங்காக ஓடியது. சிலவற்றில் படம் பெரிதாகி, வலப்பக்கம் மிஞ்சிய ஒடுக்கமான பட்டையில் முகவரி செங்குத்தாகத் தொங்கியது. இன்னும் சிலவற்றில் படம் பக்கத்தின் முழு அகலத்தையும் பிடித்துக்கொண்டு, எழுத்து மொத்தமும் கீழே இறங்கி அடுத்த பக்கத்துக்குப் போயிருந்தது. அவள் கையால் இழுத்துச் சரிசெய்தவை 3.3, 3.6, 3.8 என்று ஆளுக்கொரு அகலத்தில் நின்றன.

ஸ்டூடியோ இரண்டு அளவில் கொடுத்திருக்காது என்று எனக்குத் தோன்றியது. எல்லாரையும் ஒரே நாளில், ஒரே இருக்கையில் உட்கார வைத்து எடுத்த படங்கள் அவை. பாதியைப் பென்டிரைவில் கொடுத்தார்கள். மீதியை அவசரத்துக்குக் குழுவில் செய்திச் செயலி வழியாக அனுப்பினார்கள். பென்டிரைவில் வந்த ஒன்றையும் செயலியில் வந்த ஒன்றையும் எடுத்து விண்டோஸில் `Properties` திறந்து பார்த்தேன். இரண்டுமே 413 × 531 பிக்சல். ஆனால் வேர்டில் ஒன்று 3.5 × 4.5 செ.மீ., மற்றொன்று 10.93 × 14.05 செ.மீ.

பிக்சலுக்கு நீளம் அகலம் என்று சொந்தமாக எதுவும் கிடையாது. 413 பிக்சல் என்பது 413 புள்ளிகள், அவ்வளவுதான். அதைத் தாளில் எத்தனை செ.மீ. அகலத்தில் வைப்பது என்று வேர்ட் முடிவு செய்ய வேண்டுமானால், ஓர் அங்குலத்தில் எத்தனை புள்ளியை அடைப்பது என்று அதற்கு யாராவது சொல்ல வேண்டும். அந்த எண் படக் கோப்பின் தலைப்பகுதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. டிபிஐ என்று நாம் பேச்சில் சொல்வது அதைத்தான். வேர்ட் செய்யும் கணக்கு எளிது: பிக்சலை அந்த எண்ணால் வகுத்தால் அங்குலம், அங்குலத்தை 2.54 ஆல் பெருக்கினால் செ.மீ. 413 ÷ 300 × 2.54 என்று போட்டால் 3.5 வருகிறது. பென்டிரைவில் வந்த படம் அப்படித்தான் சரியாக உட்கார்ந்தது.

மற்றதற்குக் கணக்கைத் தலைகீழாகப் போட்டேன். 10.93 செ.மீ. என்றால் 4.3 அங்குலம். 413 ஐ 4.3 ஆல் வகுத்தால் 96. ஆக, அந்தப் படத்தை அங்குலத்துக்கு 96 புள்ளி என்று வேர்ட் எடுத்துக்கொண்டிருக்கிறது. இந்தத் தலைகீழ்க் கணக்கு எந்தப் படத்துக்கும் உதவும். படத்தின் மேல் வலச்சொடுக்கி `Size and Position` போனால், அடியில் `Original size` என்று ஓர் அளவு காட்டும். பிக்சலை அந்த அகலத்தின் அங்குலத்தால் வகுத்தால், வேர்ட் எந்த எண்ணை நம்பியது என்று தெரிந்துவிடும்.

96 எங்கிருந்து வந்தது என்று பார்க்க, எக்சிஃப்டூல் என்ற இலவசக் கருவியை இரண்டு கோப்பின் மீதும் ஓட்டினேன்.

```
exiftool -a -G1 -ImageSize -XResolution -YResolution -ResolutionUnit 17.jpg
```

பென்டிரைவில் வந்த கோப்பு `X Resolution : 300`, `Resolution Unit : inches` என்று பதில் தந்தது. செயலியில் வந்த கோப்பில் `X Resolution : 1`, `Resolution Unit : None`. ஜேபெக் கோப்பின் தொடக்கத்தில் அலகைக் குறிக்க ஒரே ஒரு பைட் இருக்கிறது. அதில் 1 இருந்தால் அங்குலம், 2 இருந்தால் செ.மீ., 0 இருந்தால் அலகே இல்லை. அலகு 0 ஆக இருக்கும்போது பக்கத்தில் உள்ள எண்கள் அகலத்துக்கும் உயரத்துக்குமான விகிதத்தை மட்டுமே சொல்லும். அளவைப் பற்றி அவை வாய் திறப்பதில்லை. செய்திச் செயலிகள் படத்தை அனுப்பும்போது அதை மறுபடி சுருக்கி எழுதுகின்றன. அப்போது பிக்சல் அப்படியே இருந்தாலும் இந்தக் குறிப்பு உதிர்ந்து போய்விடும். குறிப்பு இல்லாத இடத்தில் வேர்ட் திரைக்கான வழக்கமான 96 ஐ எடுத்துக்கொண்டது. விண்டோஸின் `Details` பகுதியும் அந்தக் கோப்புக்கு 96 dpi என்றே காட்டியது. அதைப் பார்த்து யாரும் கோப்புக்குள் 96 என்று எழுதியிருப்பதாகத்தான் நினைப்பார்கள். உள்ளே எதுவும் எழுதப்படவில்லை.

அடுத்து, பக்க அகலம் முழுவதையும் பிடித்த படங்கள். அவை வெளியூரில் இருந்தவர்கள் தாங்களே கைபேசியில் எடுத்து மின்னஞ்சலில் அனுப்பியவை. 3000 × 4000 பிக்சல், உள்ளே 72 என்ற எண். கணக்குப்படி இதன் அகலம் 105.8 செ.மீ. வர வேண்டும். ஒரு மீட்டருக்கு மேல் அகலமான படத்தை ஏ4 தாளில் வைக்க முடியாது என்பதால், எழுத்து ஓடும் அகலமான 15.92 செ.மீ. வரை வேர்ட் தானே சுருக்கிவிடுகிறது. `Scale` பெட்டியில் 15% என்று நின்றதைப் பார்த்ததும் இது புரிந்தது.

இந்தத் தானியங்கிச் சுருக்கம் நல்லதுதான், ஆனால் அது காரணத்தை மறைத்துவிடுகிறது. பெரிய படங்கள் எல்லாம் ஒரே அகலத்தில் வந்து நிற்பதைப் பார்த்து, வேர்ட் எந்தப் படத்தையும் பக்க அகலத்துக்குத்தான் கொண்டுவரும் என்று தங்கை முடிவு கட்டியிருந்தாள். அப்படியானால் சிறிய படங்கள் ஏன் இரண்டு விதமாக வருகின்றன என்பதற்கு அவளிடம் பதில் இல்லை. பழி ஸ்டூடியோவின் மேல் விழுந்தது.

அந்த 72 ஐப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது கைபேசி அளந்து எழுதிய எண் அல்ல. கேமராக்கள் பின்பற்றும் எக்சிஃப் தரத்திலேயே, தெளிவுத்திறன் தெரியாவிட்டால் 72 என்று எழுது என்றுதான் விதி இருக்கிறது. தெருவில் நிற்கும் ஒருவரைப் படம் எடுக்கும்போது தாளில் அவர் எத்தனை செ.மீ. இருக்க வேண்டும் என்று கேமராவுக்கு எப்படித் தெரியும்? தெரியாது. ஆகவே 72. இன்னொரு சிக்கலும் உண்டு. ஜேபெக் கோப்பில் இந்த எண் இரண்டு இடத்தில் இருக்கலாம்: ஒன்று மேலே சொன்ன தலைப்பகுதி, மற்றொன்று எக்சிஃப் பகுதி. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படும் கோப்புகளும் உண்டு. அப்படிப்பட்ட கோப்பு ஒரு செயலியில் ஓர் அளவிலும் வேறு செயலியில் வேறு அளவிலும் விழுவதில் வியப்பில்லை. மேலே கொடுத்த கட்டளையில் `-a -G1` சேர்த்ததே, எந்த எண் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று தனித்தனியாகப் பார்க்கத்தான்.

இதுவரை பார்த்தது அளவு. பக்கம் குலைந்த விதத்துக்கு எழுத்துச் சுற்றோட்டம் காரணம். தங்கை எல்லாப் படங்களையும் `Square` என்ற முறையில் வைத்திருந்தாள். அதுதான் சரியான தேர்வும் கூட. இந்த முறையில் படத்தைப் போக மிஞ்சிய இடத்தில் எழுத்து ஓடும். மிஞ்சிய இடத்தைக் கணக்கிட்டால் அவள் பக்கங்களின் மூன்று கோலமும் விளங்கிவிடும். எழுத்தகலம் 15.92. படத்துக்கும் எழுத்துக்கும் நடுவே 0.32 இடைவெளி. படம் 3.5 என்றால் எழுத்துக்கு 12.1 செ.மீ. கிடைக்கிறது, தாராளமான இடம். படம் 10.93 என்றால் மிஞ்சுவது 4.67 செ.மீ. மட்டுமே. முகவரி தொங்கியது அதனால்தான். படம் 15.92 என்றால் மிஞ்சுவது பூஜ்யம். ஓர் அங்குலத்துக்கும் குறைந்த இடத்தில் வேர்ட் எழுத்தை ஓட்டாது, எல்லாவற்றையும் படத்துக்குக் கீழே தள்ளிவிடும். பார்ப்பவருக்கு இது மூன்று தனித்தனிக் கோளாறாகத் தெரியும். உண்மையில் சுற்றோட்ட அமைப்பில் எந்தப் பிழையும் இல்லை. அதன் கையில் கொடுத்த அகலம்தான் தப்பு.

அந்த 4.67 செ.மீ. பட்டை தமிழில் கூடுதலாக அசிங்கப்படும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 'தலைமையாசிரியராகப் பணியாற்றியவர்' போன்ற சொற்கள் ஒடுக்கமான வரியில் இரண்டு சேர்ந்து நிற்காது. வரியின் இருபுறத்தையும் சமன்செய்யும் அமைப்பு இருந்தால், இரண்டு சிறு சொற்களுக்கு நடுவே விரல் நுழையும் அளவு ஓட்டை விழும். படத்தின் ஓரமாக ஓடும் தமிழ்ப் பத்தியை நான் எப்போதும் இடப்புறம் மட்டும் சீராக்கி விடுவேன்.

ஆனால் அன்றைக்கு நான் போய்ச் சேர்வதற்குள் தங்கை இன்னொரு வழியையும் முயன்று பார்த்திருந்தாள். சுற்றோட்டம்தான் பிரச்சினை என்று நினைத்து, கடைசி ஆறு பதிவுகளில் படத்தை `In Line with Text` ஆக மாற்றிவிட்டாள். அங்கே படமே காணாமல் போயிருந்தது. முகம் இல்லை. சட்டையின் நெஞ்சுப் பகுதி மட்டும் ஒரு ரிப்பன் போல, அரை செ.மீ. உயரத்தில் தெரிந்தது.

"படம் கெட்டுப்போச்சா அண்ணே?"

"கெடலம்மா. சைஸ் எவ்வளவுன்னு பாரு."

பார்த்தாள். உயரம் 4.5 செ.மீ. என்றே பெட்டியில் இருந்தது. திரையிலோ 0.56 செ.மீ.

கோளாறின் வகையைப் பிரிக்க எனக்குத் தெரிந்ததில் மிகவும் பயனுள்ள சோதனை இதுதான். `Size` பெட்டியில் உள்ள எண்ணே தப்பாக இருந்தால், காரணம் கோப்பின் தெளிவுத்திறன் எண், அல்லது பக்கத்துக்கு அடக்கச் செய்த சுருக்கம். பெட்டியில் எண் சரியாக இருந்து கண்ணுக்கு வேறாகத் தெரிந்தால், கோப்பைத் தொட வேண்டியதில்லை. பக்க அமைப்பில் தேட வேண்டும்.

வரியோடு வரியாக வைத்த படத்தை வேர்ட் ஒரு பெரிய எழுத்தாகவே நடத்துகிறது. சாதாரணமாக எழுத்து பெரிதானால் வரியின் உயரமும் கூடும், படம் முழுதாகத் தெரியும். இந்தக் கையேட்டில் பத்தியின் வரி இடைவெளி `Exactly` 16 பாயின்ட் என்று பூட்டப்பட்டிருந்தது. பூட்டியது நான்தான். தமிழ் எழுத்துருவும் ஆங்கில எழுத்துருவும் ஒரே பத்தியில் கலந்தால், ஒவ்வொன்றின் இயல்பான உயரமும் வேறு என்பதால் வரிகள் ஏறி இறங்கும். அதைத் தவிர்க்கத் தமிழில் அச்சு வேலை செய்யும் பலரும் வரி உயரத்தைப் பூட்டுவது வழக்கம். எழுத்தளவில் 72 பாயின்ட் ஓர் அங்குலம் என்பதால், 16 பாயின்ட் 0.56 செ.மீ. ஆகிறது. 4.5 செ.மீ. உயரமுள்ள 'எழுத்து' அந்த வரியில் அடங்காது. அடிக்கோட்டின் மேல் நிற்கும் படத்தின் கீழ்ப்பகுதி மட்டும் வரிக்குள் தெரிய, மேலே உள்ளதெல்லாம் வெட்டுப்படுகிறது. அந்தப் பத்தியின் இடைவெளியை `Single` என்று மாற்றிக் காட்டினேன். முகம் வந்துவிட்டது. தங்கை அப்போதுதான் மூச்சு விட்டாள். பிறகு கையேட்டின் வடிவத்துக்காக ஆறு படங்களையும் மறுபடி `Square` ஆக்கினோம். இந்த முறையில் படம் வரிக்கு வெளியே நிற்பதால் வரி உயரத்தின் பூட்டு அதைப் பாதிக்காது.

இனிச் சரிசெய்த விதம். செயலியில் வந்த படங்களுக்குப் புதிய பிக்சல் எதுவும் தேவையில்லை. உதிர்ந்துபோன எண்ணைத் திரும்ப எழுதினால் போதும்.

```
exiftool -JFIF:XResolution=300 -JFIF:YResolution=300 -JFIF:ResolutionUnit=inches -ext jpg padangal
```

`JFIF` என்பது மேலே சொன்ன தலைப்பகுதியின் பெயர், `padangal` என்பது அந்தப் படங்கள் இருந்த கோப்புறை. கருவி ஒவ்வொரு கோப்பின் பழைய பிரதியையும் `_original` என்ற வாலோடு விட்டுவைக்கும். படத்தின் புள்ளிகளை அது தொடுவதே இல்லை. படம் திருத்தும் மென்பொருளில் திறந்து டிபிஐ மாற்றிச் சேமித்தாலும் இதே எண் எழுதப்படும். ஆனால் ஜேபெக் மறுபடி சுருக்கப்பட்டு, ஏற்கெனவே ஒருமுறை சுருங்கிய முகங்கள் இன்னும் கொஞ்சம் மங்கும். அங்கே இன்னொரு கண்ணியும் உண்டு. அளவு மாற்றும் பெட்டியில் `Resample` குறியை எடுக்காமல் 72 ஐ 300 ஆக்கினால், மென்பொருள் தானாகப் புதுப் பிக்சல்களைப் புகுத்திப் படத்தைப் பெருக்கிவிடும். கோப்பு வீங்கும், தெளிவு ஏறாது, வேர்டில் விழும் அளவும் குறையாது.

கோப்புகளைத் திருத்திய பிறகும் ஆவணத்தில் ஒன்றும் மாறவில்லை என்று தங்கை திகைத்தாள். நியாயமான திகைப்பு. படத்தைச் செருகும் அந்த ஒரு கணத்தில்தான் வேர்ட் இந்த எண்ணைப் பார்த்து அளவை முடிவு செய்கிறது. பிறகு அந்த அளவு ஆவணத்துக்குள் எழுதப்பட்டுவிடும். ஆவணக் கோப்பின் பெயரில் docx என்ற பின்னொட்டை zip என்று மாற்றித் திறந்தால், `word/document.xml` உள்ளே அதைக் கண்ணாலேயே பார்க்கலாம்:

```
<wp:extent cx="3933825" cy="5057775"/>
```

இந்த எண்களை 360000 ஆல் வகுத்தால் செ.மீ. கிடைக்கும். 10.93, 14.05. நாம் தேடிய அதே பெரிய படம். ஆகவே பழைய படங்களை நீக்கிவிட்டு, திருத்திய கோப்புகளைப் புதிதாகச் செருகினோம். ஒவ்வொன்றும் இழுக்காமலே 3.5 × 4.5 இல் வந்து நின்றது.

கைபேசிப் படங்களுக்கு இந்த வழி உதவாது. 3000 பிக்சலுக்கு 300 என்று எழுதினாலும் அகலம் 25.4 செ.மீ. வரும், பக்கத்தை விடப் பெரிது. மேலும் அவற்றின் வடிவமே வேறு. 3:4 விகிதத்தில் உள்ள படத்தை 3.5 அகலத்துக்குக் கொண்டுவந்தால் உயரம் 4.67 வரும், 4.5 அல்ல. விகிதப் பூட்டைக் கழற்றி இரண்டு எண்ணையும் திணித்தால் முகம் கொஞ்சம் அகன்றுவிடும். ஆள் தெரிந்தவர்கள் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். எனவே மேலேயும் கீழேயும் சிறிது வெட்டி 3000 × 3857 ஆக்கிவிட்டு, `Lock aspect ratio` போட்டபடியே அகலப் பெட்டியில் 3.5 என்று தட்டினோம். இந்தப் படங்களில் `Reset` பொத்தானை அழுத்தாதே என்று அவளிடம் அழுத்திச் சொன்னேன். அது கோப்பின் எண்படியான 100 விழுக்காட்டு அளவுக்குப் படத்தைத் திருப்பிக்கொண்டு போகும். 72 என்று எழுதிய படத்துக்கு அது ஒரு மீட்டர்.

எல்லாம் முடிந்து சோதனை அச்சு எடுத்தபோது ஒரே ஒருவர் படம் மட்டும் புகையாகத் தெரிந்தது. அவர் இறந்து சில ஆண்டுகள் ஆகிறது. குழுவில் யாரோ அவருடைய பழைய முகப்புப் படத்தை எடுத்து அனுப்பியிருந்தார்கள், 160 பிக்சல் அகலம். 3.5 செ.மீ. இல் வைத்தால் அங்குலத்துக்கு 116 புள்ளிதான் வரும். இதில் எந்த எண்ணை மாற்றி எழுதினாலும் இல்லாத விவரம் வந்துவிடாது. அவர் வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கேட்டோம். அவருடைய மனைவி ஒரு வங்கிப் புத்தகத்தின் உறைக்குள் வைத்திருந்த பாஸ்போர்ட் படம் ஒன்றைக் கொடுத்தார். அதை ஸ்கேனரில் 600 இல் எடுத்தேன். 827 × 1063 பிக்சல்.

ஸ்கேனர் எழுதும் எண் மட்டும் உண்மையாக அளந்த எண். கண்ணாடியின் மேல் இருந்த தாளில் ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி எடுத்தது என்று அதற்குத் தெரியும். தங்கை அந்தப் படத்தைச் செருகினாள். எதையும் தொடாமலேயே அது 3.5 × 4.5 இல் வந்து உட்கார்ந்தது, அந்த அம்மா கையில் இருந்த அதே அளவில்.